தேயிலை செழிக்கும் மண்ணில் போஞ்சி ஏன் மெலிகிறது?

வெலிமடை, பண்டாரவளை, நுவரெலியாப் பக்கத்து மாணவியருக்கு இந்தக் காட்சி புதிதல்ல. வரம்புக்கு ஒரு பக்கம் தேயிலை கரும்பச்சையாய்ச் செழித்து நிற்கும். மறுபக்கம் பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் போட்ட போஞ்சி, கொடி ஏறாமல், இலை வெளிறி நிற்கும். மழை, வெயில், மண்ணின் நிறம் எல்லாம் இரு பக்கமும் ஒன்றுதான். உரத்தை இன்னும் ஒரு பங்கு கூட்டிப் போட்டாலும் போஞ்சி திரும்பிப் பார்ப்பதில்லை. "மண் புளித்துப் போய்விட்டது, சுண்ணாம்பு போடுங்கள்" என்று யாராவது சொல்வார்கள். அது சரியான ஆலோசனைதான். ஆனால் எவ்வளவு போடுவது? மண் புளித்தது என்றால் தேயிலைக்கு மட்டும் ஏன் அது புளிக்கவில்லை? உயர்தரத்தில் விவசாய விஞ்ஞானம் கற்கும் மாணவியர் பலர் பீஎச் அளவுத்திட்டத்தைப் பாடமாக்கி வைத்திருந்தும் இந்த இரண்டு கேள்விகளிலும் தடுமாறுவதைக் காண்கிறோம். அதனால் ஒரு தோட்டத்தை எடுத்துக் கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம்.

நாம் எடுத்துக்கொள்ளும் தோட்டம் 40 பேர்ச்சஸ், அதாவது கால் ஏக்கர். ஏறக்குறைய ஒரு ஹெக்டெயரின் பத்தில் ஒன்று. மண்வெட்டியால் கொத்தும் ஆழம் 20 சென்ரிமீற்றர். மேல்மண்ணின் ஒரு கன மீற்றர் ஒரு தொன் நிறை என்று வைத்தால், நாம் திருத்த வேண்டிய மண் 200 தொன். மண்ணை நீருடன் கலக்கிப் பீஎச் அளந்தபோது 4.5 வந்தது என்க.

பீஎச்மானி அளப்பது மண் நீரில் கரைந்து நிற்கும் ஐதரசன் அயன்களை மட்டுமே. இதைத் தாக்கமுள்ள அமிலத்தன்மை என்கிறோம். அது எவ்வளவு என்று பார்ப்போம். ஈரமாக இருக்கும் வேளையில் இந்த 200 தொன் மண்ணுக்குள் சுமார் 50,000 லீற்றர் நீர் இருக்கலாம். பீஎச் 4.5 என்றால் ஒரு லீற்றரில் 0.0000316 மோல் ஐதரசன் அயன் உண்டு. பெருக்கினால் முழுத் தோட்டத்துக்கும் 1.6 மோல் வரை வரும். ஒரு மோலை நடுநிலையாக்க 50 கிராம் கல்சியம் காபனேற்று போதும். ஆகவே தேவைப்படும் சுண்ணாம்பு சுமார் 80 கிராம்.

கால் ஏக்கருக்கு ஒரு கைப்பிடிச் சுண்ணாம்பு! போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது மண்ணில் விழுந்த சுவடே தெரியாது. கணக்கில் பிழையில்லை. நாம் பெட்டகத்தை விட்டுவிட்டுச் சட்டைப் பையில் இருக்கும் சில்லறையை எண்ணியிருக்கிறோம்.

பெட்டகம் என்பது களித்துணிக்கைகளும் சேதனப் பொருளும் ஆகும். அவற்றின் மேற்பரப்பு மறை ஏற்றமுடையது. அங்கே கல்சியம், மகனீசியம், பொற்றாசியம் முதலிய நேர் அயன்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆண்டாண்டு காலமாகப் பெய்யும் மலைநாட்டு மழை அவற்றைக் கழுவிக்கொண்டு போகிறது. அமோனியம் உள்ள உரங்கள் இதை விரைவுபடுத்துகின்றன, ஏனெனில் மண்ணிலுள்ள பற்றீரியாக்கள் அமோனியத்தை நைத்திரேற்றாக மாற்றும்போது ஐதரசன் அயன்கள் வெளிவருகின்றன. 100 கிலோகிராம் அமோனியம் சல்பேற்று விளைவிக்கும் அமிலத்தை ஈடுசெய்ய ஏறத்தாழ 110 கிலோகிராம் கல்சியம் காபனேற்று வேண்டும் என்பது பழைய கணிப்பு. யூரியாவுக்கு அது 80 கிலோகிராம் அளவில் இருக்கும். பல்லாண்டு தேயிலை நின்று, ஆண்டுதோறும் இவ்வாறு உரம் விழுந்த மண்ணின் நிலையை இனி ஊகிக்கலாம்.

கழுவப்பட்ட கல்சியத்தின் இடத்தைப் பிடிப்பது யார்? பெரும்பாலும் ஐதரசன் என்றே மாணவியர் விடை எழுதுவர். ஆனால் பீஎச் 5.5 இலும் கீழே இறங்கத் தொடங்கினால், களியின் கட்டமைப்பே மெல்லக் கரைந்து அதிலிருக்கும் அலுமினியம் வெளியே வருகிறது. அந்த அலுமினியம் அயன் மூன்று ஏற்றமுடையது, எனவே மற்றவற்றைத் தள்ளிவிட்டு இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது. நீரில் அது இப்படி நடந்துகொள்ளும்:

Al³⁺ + 3H₂O → Al(OH)₃ + 3H⁺

நாம் கைப்பிடிச் சுண்ணாம்பால் கரைசலிலுள்ள ஐதரசனை அகற்றிய மறுகணமே, பெட்டகத்திலிருந்து அலுமினியம் இறங்கி, தலைக்கு மூன்று ஐதரசன் அயன்களைப் பெற்றுத் தருகிறது. பீஎச் மீண்டும் பழைய இடத்துக்கே வந்துவிடும். இதனை ஒதுக்க அமிலத்தன்மை என்பர். சுண்ணாம்புத் தேவை என்பது உண்மையில் இந்த ஒதுக்கத்தின் அளவுதான்.

அதை அளக்க வேறொரு சோதனை வேண்டும். ஆய்வுகூடத்தில் மண்ணை ஒரு மோலர் பொற்றாசியங் குளோரைட்டுக் கரைசலுடன் குலுக்குவர். பொற்றாசியம் கூட்டமாகச் சென்று அலுமினியத்தைக் களியிலிருந்து கீழே இறக்கும். வடித்தெடுத்த கரைசலை நியமிப்புச் செய்தால் அலுமினியத்தின் அளவு கிடைக்கும். வேறு சில ஆய்வுகூடங்கள் பீஎச் தெரிந்த ஒரு தாங்கற் கரைசலில் மண்ணைக் கலக்கி, அதன் பீஎச் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து ஒதுக்கத்தை மதிப்பிடும். நமது தோட்டத்து மண்ணைச் சோதித்தபோது பின்வருமாறு விடை வந்தது என்று கொள்வோம். ஒரு கிலோகிராம் மண்ணில் கல்சியம் 1.0, மகனீசியம் 0.4, பொற்றாசியம் 0.2, அலுமினியம் 2.4. அலகு எல்லாவற்றுக்கும் சென்ரிமோல் ஏற்றம். கூட்டினால் 4.0. அதில் அலுமினியத்தின் பங்கு 60 வீதம். இந்தப் பங்கை அலுமினிய நிரம்பல் என்பர். போஞ்சி மெலிந்ததற்கான காரணம் பீஎச் 4.5 என்ற எண்ணைவிட இந்த 60 என்ற எண்ணிலேயே தெளிவாக இருக்கிறது.

இனிச் சுண்ணாம்பின் அளவு. ஒரு கிலோகிராம் மண்ணில் ஒரு சென்ரிமோல் அலுமினியம் என்றால், 200 தொன் மண்ணில் 2,000 மோல் ஏற்றம். மோலுக்கு 50 கிராம் வீதம் 100 கிலோகிராம் கல்சியம் காபனேற்று. நமக்கு 2.4 சென்ரிமோல், எனவே 240 கிலோகிராம். ஆனால் போடும் சுண்ணாம்பு முழுவதும் அலுமினியத்தையே தேடிப் போவதில்லை. சேதனப் பொருளிலும் இரும்பு, அலுமினிய ஒட்சைட்டுகளிலும் பிணைந்துள்ள ஐதரசனும் அதில் பங்கு கேட்கும். ஆகவே அலுமினியத்தின் அளவை 1.5 ஆல் பெருக்குவது வழக்கம். அமெரிக்காவின் வட கரோலினாவில் பணிபுரிந்த மண் விஞ்ஞானி கம்பிராத் 1970 இல், மழையால் கழுவப்பட்ட மண்களுக்குச் சுண்ணாம்பை இவ்வாறு அலுமினியத்தை வைத்தே தீர்மானிக்கலாம் என்று காட்டினார். பெருக்கினால் 360 கிலோகிராம்.

கடையில் வாங்குவது தூய கல்சியம் காபனேற்று அல்ல. நம் நாட்டில் கூடுதலாகப் பாவிப்பது டொலமைட். அதில் மகனீசியமும் இருப்பது மலைநாட்டு மண்ணுக்கு நல்லதே. தூய டொலமைட் உண்மையில் கல்சியம் காபனேற்றைவிடச் சற்றுக் கூடுதலாகவே அமிலத்தை நடுநிலையாக்கும். ஆனால் மூட்டையில் வருவதில் வேறு கற்தூளும், பரும் படியான துணிக்கைகளும் கலந்திருக்கும். அவற்றையெல்லாம் கழித்து அதன் பயன் 90 வீதம் என்று வைத்தால், 360 ஐ 0.9 ஆல் வகுக்க 400 கிலோகிராம். ஐம்பது கிலோகிராம் மூட்டைகள் எட்டு. ஒரு கைப்பிடிக்கும் எட்டு மூட்டைக்கும் இடையே உள்ள தூரம்தான் மேலே சொன்ன இரண்டு அமிலத்தன்மைகளுக்கும் இடையே உள்ள தூரம்.

இங்கே ஒரு ஒப்பீடு. தாழ்நாட்டில் மணற்பாங்கான ஒரு வீட்டுத்தோட்டம், அதுவும் 40 பேர்ச்சஸ், அதன் பீஎச்சும் 4.5. ஆனால் மணலில் களி குறைவு, பெட்டகமே சிறியது. அலுமினியம் 0.4 சென்ரிமோல் மட்டும். அதே கணக்கில் 60 கிலோகிராம் கல்சியம் காபனேற்றுப் போதும், டொலமைட்டில் ஒன்றரை மூட்டைக்குச் சற்றுக் குறைவு. இரண்டு தோட்டங்களிலும் பீஎச்மானி காட்டிய எண் ஒன்றே, தேவையோ ஆறு மடங்கு வேறு. மலைநாட்டு உறவினர் எட்டு மூட்டை போட்டாரே என்று மணல் தோட்டத்திலும் எட்டு மூட்டை கொட்டினால் பீஎச் 7 ஐயும் தாண்டி ஓடிவிடும். பிறகு நாகம், போரன், மங்கனீசு ஆகியவை கரையாமல் போக, இளம் இலைகள் நரம்பிடையே மஞ்சளாகும். அதைப் பார்த்து "இன்னும் சுண்ணாம்பு போதவில்லை" என்று முடிவு செய்பவர்களும் உண்டு. பீஎச் எண்ணை மட்டும் பார்த்துச் சுண்ணாம்பின் அளவைச் சொல்லும் எவரையும், பெற்றோரே, கொஞ்சம் நிறுத்திக் கேள்வி கேளுங்கள்.

பீஎச்சை 7 வரை உயர்த்த நாம் முயலவில்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள். நடுநிலை என்ற சொல் மனத்துக்கு இதமாக இருப்பதால் அதையே இலக்காக எழுதிவிடுவது வழக்கம். ஆனால் பீஎச் 5.5 ஐ எட்டும்போதே களியில் ஒட்டியிருந்த அலுமினியம் ஏறத்தாழ முழுவதும் கரையாத ஐதரொட்சைட்டாகிவிடும். நஞ்சு தீர்ந்தபின் மேலும் உயர்த்துவதற்குச் செலவு மிகும், பயன் குறையும். போஞ்சிக்கு 5.5 இலிருந்து 6 வரை வந்தாலே போதும். மேலும் அந்தப் பகுதிகளில் போஞ்சியை அடுத்து உருளைக்கிழங்கு நடுவார்கள். மண்ணின் பீஎச் ஏறினால் கிழங்கில் சொறி நோய் கூடும். கோவாவுக்கோ இதற்கு நேர்மாறு. அதன் வேர்களைக் கதைபோல் வீங்கச் செய்யும் நோய் அமில மண்ணில்தான் தலைதூக்கும், சுண்ணாம்பு அதை அடக்கும். ஒரே பாத்தியில் மாறி மாறி வரும் மூன்று பயிர்களையும் மனத்தில் வைத்தே இலக்கைத் தீர்மானிக்க வேண்டும்.

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். இதே 60 வீத அலுமினியத்தில் தேயிலை எப்படி வாழ்கிறது?

அலுமினியம் தாக்கும் இடம் வேரின் நுனி. அங்கே உள்ள சில மில்லிமீற்றர் நீளப் பகுதியில் கலங்கள் பிரிந்து நீள்வதை அது நிறுத்திவிடுகிறது. பாதிக்கப்பட்ட போஞ்சிச் செடியைப் பிடுங்காமல், மண்ணுடன் தோண்டி எடுத்து நீரில் கழுவிப் பாருங்கள். வேர்கள் குட்டையாய், தடித்து, பழுப்பாய், மெல்லிய பக்கவேர்கள் இன்றி மொட்டையாய் இருக்கும். அந்த வேர் நான்கு விரல் ஆழத்தையும் தாண்டாது. நான்கு நாள் வெயிலடித்தாலே செடி வாடுவது அதனால்தான். உரத்தைக் கூட்டியும் பயனில்லாமல் போனது அதனால்தான். போஞ்சி அவரைக் குடும்பம் என்பதால் அதற்கு இன்னொரு துன்பமும் உண்டு. வேர்ச் சிறுகணுக்களை உண்டாக்கும் றைசோபியம் பற்றீரியா அமில மண்ணில் நலிவடைகிறது, அதன் வேலைக்குத் தேவையான மொலிப்டினமும் கிடைப்பது அரிதாகிறது. அப்போது நைதரசன் குறைந்து இலை வெளிறுகிறது. கல்சியக் குறைபாடும், அலுமினியம் பொசுபரசைப் பிடித்து வைத்துக்கொள்வதும் இதனுடன் சேரும்.

அமிலத்தைச் சகிக்கும் பயிர்கள் இதற்கு இரண்டு வழிகளைக் கையாள்கின்றன. ஒன்று, அலுமினியத்தை வாசலிலேயே மறிப்பது. சகிக்கும் கோதுமை வகைகளின் வேர்நுனி அலுமினியத்தை உணர்ந்ததும் மலிக் அமிலத்தைக் கசியவிடும். சோளம் சித்திரிக் அமிலத்தை விடும். இவை அலுமினியத்தைப் பிணைத்துக்கொள்ள, அது வேருக்குள் நுழையாமல் வெளியிலேயே நின்றுவிடும். கோதுமையில் இந்த வாயிலைத் திறக்கும் பரம்பரையலகை யப்பானிய விஞ்ஞானிகள் 2004 இல் அறிவித்தனர். அதே கோதுமையில் சில வகைகளிடம் இந்தத் திறன் குறைவு. அதாவது சகிப்பு என்பது பயிரின் பெயரை மட்டும் பொறுத்ததல்ல, வகையையும் பொறுத்தது.

மற்றையது, உள்ளே விட்டு அடைத்து வைப்பது. தேயிலை இந்த வழியில் செல்கிறது. அது அலுமினியத்தை உறிஞ்சி, கற்றெக்கின் போன்ற பொருட்களுடன் பிணைத்துத் தீங்கற்றதாக்கி, இலைகளுக்கு அனுப்பி முதிர்ந்த இலைகளில் சேமிக்கிறது. முதிர்ந்த தேயிலையின் உலர் நிறையில் 3 வீதம் வரை அலுமினியம் இருந்ததாக அளந்திருக்கிறார்கள். கொழுந்தில் இருப்பது அதில் மிகச் சிறு பங்கே, ஆகவே காலையில் தேநீர் குடிக்கும் யாரும் பதற வேண்டாம். ஒரு விசித்திரம், அலுமினியம் அறவே இல்லாத கரைசலில் வளர்த்த தேயிலையைவிட, ஓரளவு அலுமினியம் உள்ள கரைசலில் வளர்த்த தேயிலையின் வேர் நன்றாக வளர்கிறது. மலைநாட்டு வீட்டு வாசல்களில் பூக்கும் ஐதரேஞ்சியாவும் இவ்வகையே. அமில மண்ணில் அலுமினியத்தை உறிஞ்சிப் பூ நீலமாகும், சுண்ணாம்பு இட்டால் இளஞ்சிவப்பாகும். மண்ணைச் சோதிக்க முன்பே பூ ஒரு துப்புத் தந்துவிடுகிறது.

ஆனால் தேயிலைக்கும் எல்லை உண்டு. 4.5 இலிருந்து 5.5 வரையே அதற்கு உகந்தது. அதற்கும் கீழே போனால் கல்சியமும் மகனீசியமும் அற்றுப்போய் அதுவும் சோரும். அதனால்தான் தோட்டங்களில் கவ்வாத்து வெட்டும் காலத்தில் டொலமைட் இடுகிறார்கள். மறுபுறம், போஞ்சிக்கு இட்ட எட்டு மூட்டையை வரம்பு தாண்டித் தேயிலையின் மேல் கொட்டிவிட்டால் அதற்கும் கேடுதான்.

மரவள்ளி, அன்னாசி, இறப்பர் ஆகியவை சகிப்பவை. மரவள்ளி நமது தோட்டத்தின் 60 வீதத்திலும் சமாளித்துக் கிழங்கு வைக்கும். அவரைக் குடும்பத்துக்குள்ளேயே கௌபி தாங்கும், பாசிப்பயறு சிறிதளவையும் தாங்காது. நெல்லின் கதை தனி. அது இயல்பிலேயே தானியங்களுள் நன்கு சகிப்பது, அதோடு வயலில் நீர் தேங்கும்போது ஒட்சிசன் இன்றி இரும்பு ஒட்சைட்டுகள் தாழ்த்தப்படுகின்றன. அந்தத் தாக்கம் ஐதரசன் அயன்களை விழுங்குவதால் பீஎச் தானாகவே நடுநிலையை நோக்கி ஏறும். நீரை வடித்துவிட்டு அதே வயலில் மரக்கறி நட்டால் பழைய அமிலம் திரும்பும் என்பதை மறந்து ஏமாறுபவர்கள் பலர்.

எட்டு மூட்டையையும் இடும் விதம் பற்றி ஒரு சில சொல்ல வேண்டும். அமிலத்தை நடுநிலையாக்குவது காபனேற்று, கல்சியம் அல்ல. எனவே கல்சியம் உண்டு என்று சிப்சத்தை, அதாவது கல்சியம் சல்பேற்றை வாங்கிப் போட்டால் பீஎச் உயராது. டொலமைட் நீரில் மிகமிக மெதுவாகவே கரையும். மேலே தூவிவிட்டு மழையை நம்பினால், மேல் இரண்டு சென்ரிமீற்றர் வெளுத்துக் கிடக்க, வேர் இருக்கும் இடம் பழையபடியே இருக்கும். பாதியை முதலில் தூவிக் கொத்தி, மீதியைத் தூவி மறுபடி கொத்திக் கலக்குவது நல்லது. துணிக்கை மாவுபோல் இருக்க வேண்டும், விரலில் உருட்டும்போது மணல்போல் நறநறவென்று இருந்தால் அந்தப் போகத்துக்கு அது உதவாது. நடுகைக்குக் குறைந்தது மூன்று, நான்கு வாரங்களுக்கு முன்னர் இட்டு மண்ணை ஈரமாக வைத்திருக்க வேண்டும். கோழி எரு, யூரியா, அமோனியம் சல்பேற்று எதையும் அதே நாளில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் மூக்கைத் துளைக்கும் நெடி எழும். அது அமோனியா, காசு கொடுத்து வாங்கிய நைதரசன் காற்றில் போகிறது என்று பொருள்.

ஆய்வுகூட வசதி கிட்டாதவர்கள் பாடசாலையிலேயே செய்யக்கூடிய ஒரு வழி உண்டு. நமது கணக்கில் ஒரு கிலோகிராம் மண்ணுக்கு 2 கிராம் டொலமைட் வருகிறது. தோட்டத்தின் பல இடங்களிலிருந்து 20 சென்ரிமீற்றர் ஆழம்வரை எடுத்த மண்ணைக் கலந்து, ஆறு சாடிகளில் ஒவ்வொரு கிலோகிராம் இடுங்கள். முதலாவதுக்கு ஒன்றும் இடாமல், மற்றவற்றுக்கு முறையே அரை, ஒன்று, ஒன்றரை, இரண்டு, மூன்று கிராம் டொலமைட் கலந்து, ஒரு மாதம் ஈரம் காயாமல் வையுங்கள். பின்னர் ஒவ்வொன்றின் பீஎச்சையும் அளந்து வரைபில் குறித்தால், 5.5 ஐத் தொடும் சாடி எது என்று தெரியும். அச்சாடியின் கிராமை 200 ஆல் பெருக்கினால் 40 பேர்ச்சஸுக்கு வேண்டிய கிலோகிராம் வரும். பீஎச் அளந்த பிறகு சாடிகளை எறிந்துவிடாதீர்கள். ஒவ்வொன்றிலும் நான்கு போஞ்சி விதை ஊன்றி, இரண்டு வாரம் சென்றதும் வேரைக் கழுவி ஆறையும் ஒரு வெள்ளைத்தாளில் வரிசையாக வைத்துப் பாருங்கள். எந்தச் சாடியில் பக்கவேர் விடத் தொடங்கியிருக்கிறது என்பதை அளவுகோல் இன்றியே கண்டுகொள்ளலாம்.